அளக்காத நிலைகளை மட்டும் மதிப்பிடுவது: மோட்டார் ஒன்றைக் கொண்டு குறைவரிசை அப்சர்வர் கட்டும் முறை

ஒரு சிறு நேர்மின் மோட்டாரின் தண்டில் என்கோடர் பொருத்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டின் கோணம் θ நமக்கு நேரடியாகக் கிடைக்கிறது. ஆனால் கட்டுப்படுத்திக்குத் தேவையான வேகம் ω கிடைக்கவில்லை. கோணத்தை மில்லிநொடிக்கு ஒரு முறை வாசித்து, அடுத்தடுத்த இரு வாசிப்புகளின் வித்தியாசத்தை நேரத்தால் வகுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. என்கோடர் ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை தருமானால் ஓர் எண்ணிக்கையின் அளவு 0.00157 ரேடியன், அதை 0.001 நொடியால் வகுத்தால் 1.57 rad/s. அதாவது, வேகம் சீராக இருக்கும்போதும் கணக்கிடப்பட்ட வேகம் 1.57 அளவுள்ள படிகளில் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும். மோட்டார் மெதுவாகச் சுழலும்போது இந்தத் தாவல் வேகத்தின் அளவையே எட்டிவிடும்.

இதற்கு மாற்றாக, மோட்டாரின் கணித மாதிரியையும் என்கோடர் வாசிப்பையும் சேர்த்து வேகத்தை மதிப்பிடும் சிறு கணிப்பொறி நிரலே அப்சர்வர். முழுவரிசை அப்சர்வர் கோணம், வேகம் இரண்டையும் மதிப்பிடும். கோணம் ஏற்கெனவே கையில் இருக்கும்போது அதை மறுபடியும் மதிப்பிடுவானேன் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே குறைவரிசை அப்சர்வர். கோணம், வேகம் போன்ற n நிலைகளில் m அளக்கப்பட்டால் n−m வரிசையுள்ள அப்சர்வர் போதும் என்பதை டேவிட் லூயன்பெர்கர் 1964-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே காட்டினார். அளந்த நிலைகளையும் அளக்காத நிலைகளையும் தனித்தனியாகப் பிரித்து எழுதி அப்சர்வரைப் பெறும் முறையை 1971-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கோபிநாத் தந்தார். இக்கட்டுரை அந்தப் பிரிப்பு முறையையே பின்பற்றுகிறது.

முதல் படி: மாதிரியை அளந்து பெறுதல்

மோட்டாரின் மின்சுருளில் உள்ள தூண்டத்தைப் புறக்கணித்தால் மாதிரி இரண்டே வரிகளில் அடங்கும்.

```
θ' = ω
ω' = -a·ω + b·u
```

இங்கே u என்பது மோட்டாருக்குக் கொடுக்கும் மின்னழுத்தம். a, b இரண்டையும் ஒரே சோதனையில் அளந்துவிடலாம். சுமை எதுவும் இல்லாத நிலையில் மோட்டாருக்குத் திடீரென 5 வோல்ட் கொடுத்து, வேகம் இறுதியில் எங்கே நிற்கிறது என்பதையும், அந்த இறுதி வேகத்தின் 63 விழுக்காட்டை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இறுதி வேகம் 100 rad/s, நேரம் 0.25 நொடி என்று கொள்வோம். நேரத்தின் தலைகீழ் a; ஆகவே a = 4. ஒரு வோல்ட்டுக்கு 20 rad/s கிடைப்பதால் b/a = 20; ஆகவே b = 80. இந்தச் சோதனைக்கு மட்டும் வேகத்தை வாசிப்புகளின் வித்தியாசத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இரைச்சல் இருந்தாலும் வரைபடத்தில் சராசரிக் கோடு தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் படி: மதிப்பிட முடியுமா என்று பார்த்தல்

அளக்கப்படும் நிலையின் சமன்பாட்டில் அளக்கப்படாத நிலை தலைகாட்டுகிறதா என்பதே இங்கே கேள்வி. நம் மாதிரியின் முதல் வரியில் θ-வின் மாறுவீதம் ω-வாகவே இருக்கிறது. ஆகவே கோணத்தின் போக்கைப் பார்த்தால் வேகம் தன்னை வெளிப்படுத்திவிடும். இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். வேகமானி மட்டும் இருந்து, கோணத்தை மதிப்பிட முனைந்தால், அளக்கப்படும் ω-வின் சமன்பாட்டில் θ எங்குமே இல்லை. தொடக்கக் கோணத்தில் ஏற்பட்ட பிழையைத் திருத்துவதற்கான செய்தி வேகமானியிடம் இல்லாததால், அந்தப் பிழை என்றென்றும் அப்படியே நிற்கும். எந்தப் பெருக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இது மாறாது.

பொதுவான அமைப்புகளில் அளந்த நிலைகளை x_a என்றும் அளக்காதவற்றை x_b என்றும் வரிசைப்படுத்தி, மாதிரியில் நிலைகளின் கெழுக்களைக் கொண்ட A அணியை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறோம். அப்போது பார்க்க வேண்டியது (A_bb, A_ab) என்ற இணையை. A_ab வழியாக x_b முழுவதும் வெளிப்படுமானால் அப்சர்வரின் துருவங்களை, அதாவது பிழை மறையும் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்களை, நாம் விரும்பிய இடத்தில் வைக்கலாம். மூல அமைப்பு முழுவதும் காணத்தக்கதாக, அதாவது அளவீடுகளின் போக்கிலிருந்து எல்லா நிலைகளையும் கண்டறியத்தக்கதாக இருந்தால் இந்த நிபந்தனை தானாகவே நிறைவேறும். உணரி தருவது ஒரு நிலையை நேரடியாக அல்லாமல் பல நிலைகளின் கலவையை என்றால், அந்தக் கலவையையே முதல் நிலையாகக் கொண்டு மாதிரியை மாற்றி எழுதிவிட்டுத்தான் பிரிப்பைத் தொடங்க வேண்டும்.

மூன்றாம் படி: வகைக்கெழுவை மறையச் செய்தல்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. வேகத்தின் மதிப்பீட்டை ω̂ என்று குறிப்போம். மாதிரியை மட்டும் நம்பினால் ω̂' = −4ω̂ + 80u என்று கணக்கிட்டுக்கொண்டே போகலாம். ஆனால் தொடக்க வேகம் தவறாக இருந்தால் அந்தப் பிழை மோட்டாரின் இயல்பான மெதுவான வேகத்தில்தான் மறையும். அதை விரைவுபடுத்தத் திருத்தம் ஒன்று வேண்டும். உண்மையான வேகம் θ' என்பதால், அதற்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை l என்ற பெருக்கத்தால் பெருக்கிச் சேர்க்கிறோம்.

```
ω̂' = -4·ω̂ + 80·u + l·(θ' - ω̂)
```

பிழையை e = ω − ω̂ என்று எடுத்து, மோட்டாரின் சமன்பாட்டிலிருந்து இதைக் கழித்தால் e' = −(4 + l)e என்று வருகிறது. u முற்றிலும் நீங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்: மாதிரி சரியாக இருக்கும் வரை, மோட்டாருக்கு என்ன மின்னழுத்தம் கொடுத்தாலும் பிழை மறையும் வேகம் மாறாது.

ஆனால் சமன்பாட்டின் வலப்புறம் θ' உட்கார்ந்திருக்கிறது. எதை வகையிடக் கூடாது என்று தொடங்கினோமோ, அதையே வகையிட வேண்டியதாகிறது. இதைத் தவிர்க்க, ω̂-ஐ நேரடியாகத் தொகையிடாமல், z = ω̂ − lθ என்ற புதிய மாறியைத் தொகையிடுகிறோம். z' = ω̂' − lθ' என்பதால் lθ' என்ற உறுப்பு இருபுறமும் அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது இதுதான்:

```
z' = -(4 + l)·ω̂ + 80·u
ω̂ = z + l·θ
```

எங்கும் வகையிடல் இல்லை. அப்சர்வர் நினைவில் வைத்திருப்பது z என்ற ஒரே ஓர் எண்ணை. அதற்கு நேரடியான இயற்பியல் பொருள் கிடையாது என்பதால், வரைபடத்தில் z-ஐப் பார்த்து எதையும் முடிவு செய்ய முயல வேண்டாம். ω̂-ஐயே பார்க்க வேண்டும். பொது வடிவமும் இதே போக்கில்தான் வருகிறது; அதில் y என்பது அளந்த நிலைகள் x_a, B என்பது u-வின் கெழுக்கள், L என்பது திருத்தப் பெருக்கங்கள்:

```
z' = (A_bb - L·A_ab)·x̂_b + (A_ba - L·A_aa)·y + (B_b - L·B_a)·u
x̂_b = z + L·y
```

நான்காம் படி: துருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

அப்சர்வரின் துருவத்தை −40-இல் வைக்க முடிவு செய்வோம். அப்போது 4 + l = 40, ஆகவே l = 36. தொடக்கப் பிழை ஒவ்வொரு 25 மில்லிநொடியிலும் 37 விழுக்காடாகச் சுருங்கும். ஏன் 40, ஏன் 400 இல்லை என்பதை அறிய, இரு சமன்பாடுகளையும் சேர்த்து லாப்லாஸ் வடிவில் எழுதிப் பார்க்கலாம்.

```
ω̂ = (36·s·θ + 80·u) / (s + 40)
```

இது மிகவும் பயனுள்ள வரி. சீரான வேகத்தில் ω̂ = 0.9ω + 2u ஆகிறது. அதாவது மதிப்பீட்டில் பத்தில் ஒன்பது பங்கு என்கோடரிலிருந்தும், ஒரு பங்கு மட்டுமே மாதிரியிலிருந்தும் வருகிறது. b-யை 10 விழுக்காடு தவறாக அளந்திருந்தாலும் சுமையற்ற நிலையில் வேக மதிப்பீடு 1 விழுக்காடுதான் தவறும். துருவத்தை இன்னும் விரைவாக்கினால் மாதிரியின் பங்கு மேலும் குறையும்.

அதற்கான விலையை என்கோடர் பக்கம் கொடுக்கிறோம். θ-வில் ஏற்படும் திடீர் மாற்றம் எந்த வடிகட்டலும் இன்றி l மடங்காக ω̂-இல் தோன்றும். ஓர் எண்ணிக்கை தாவினால் ω̂ 36 × 0.00157 = 0.057 rad/s தாவும். முதலில் கண்ட 1.57-உடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. துருவத்தை −400-க்குக் கொண்டுபோனால் l = 396 ஆகி, தாவல் 0.62 ஆகிவிடும், வித்தியாசம் எடுத்து வகுக்கும் பழைய முறையை நோக்கியே திரும்பிப் போகிறோம். கட்டுப்படுத்தியின் துருவங்களைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு விரைவாக அப்சர்வரை வைப்பது வழக்கம். அதற்கு மேலே போவதற்குத் தெளிவான காரணம் இருந்தாலன்றிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. நாம் புறக்கணித்த மின்சுருளின் தூண்டமும் ஒரு வரம்பை விதிக்கிறது: அதன் கால மாறிலி ஒரு மில்லிநொடி என்றால் அதன் துருவம் −1000-இல் இருக்கும், அதை நெருங்கும் அப்சர்வருக்கு நம் இரண்டு வரி மாதிரி பொருந்தாது.

அளவீடே மிகவும் இரைச்சலானது என்றால் குறைவரிசை அப்சர்வரைக் கைவிட்டு முழுவரிசை அப்சர்வருக்குப் போவதே நல்லது. அதில் அளவீடு எப்போதும் ஒரு தொகையியைக் கடந்தே மதிப்பீட்டை அடைவதால் இரைச்சல் மழுங்கும். என்கோடர் போன்ற தூய்மையான உணரிகளுக்கே குறைவரிசை அப்சர்வர் ஏற்றது.

ஐந்தாம் படி: நிரலாக எழுதுதல்

மில்லிநொடிக்கு ஒரு முறை ஓடும் நிரல் இவ்வளவுதான்:

```c
/* தொடக்கத்தில் ஒரு முறை */
z = -36.0f * theta;

/* ஒவ்வொரு மில்லிநொடியும் */
w_hat = z + 36.0f * theta;
z += 0.001f * (-40.0f * w_hat + 80.0f * u);
```

தொடக்க வரியை விட்டுவிட்டு z-ஐச் சுழியத்தில் தொடங்குவதே புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. நிரல் தொடங்கும்போது என்கோடர் 50 ரேடியனைக் காட்டுமானால், நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு ω̂ = 36 × 50 = 1800 rad/s என்ற மதிப்பீடு வரும். நூறு மில்லிநொடி கழிந்தும் ஏறத்தாழ 30 rad/s மிச்சம் இருக்கும். அதற்குள் கட்டுப்படுத்தி மோட்டாரை எதிர்த்திசையில் முழு விசையோடு இழுத்திருக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சிக்கல் கோணத்தின் மடிப்பு. ஒரு சுற்று முடிந்ததும் θ 2π-யிலிருந்து சுழியத்துக்குத் திரும்பினால் ω̂ ஒரே கணத்தில் 226 rad/s கீழே விழும். சுற்றுக்கு ஒரு முறை தவறாமல் வரும் கூர்முனைகளை வரைபடத்தில் கண்டால் காரணம் இதுதான். மடிக்கவே மடிக்காமல் θ-வை வளரவிடுவதும் தீர்வாகாது. 200 rad/s வேகத்தில் பத்து நிமிடம் ஓடினால் θ 120000 ரேடியனை எட்டும். 32 பிட் தசம எண்ணில் அந்த அளவில் அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 0.008 ஆகிவிடும், அது ஓர் என்கோடர் எண்ணிக்கையை விடப் பெரியது. சரியான வழி, θ-விலிருந்து ஒரு சுற்றைக் கழிக்கும் அதே கணத்தில் z-உடன் 36 × 2π-யைக் கூட்டிவிடுவது. ω̂ = z + 36θ என்பதால் மதிப்பீடு மாறாது. மோட்டாரின் சமன்பாடுகளில் θ தனியாக எங்கும் வராததால் இந்த மாற்றம் வேறு எதையும் கலைப்பதும் இல்லை.

நிரலின் கடைசி வரியை −40z, −1440θ என்று பிரித்து எழுதி, அதை இன்னும் துல்லியமாகத் தொகையிடலாம் என்ற எண்ணத்தில், θ ஒவ்வொரு மில்லிநொடியும் மாறாமல் நிற்பதாகக் கொண்டு அடுக்குக்குறிச் சார்பைப் பயன்படுத்துவோர் உண்டு. துல்லியம் கூடும் என்று தோன்றினாலும், சீரான வேகத்தில் அது 1.8 விழுக்காடு கூடுதலான மதிப்பீட்டைத் தரும். ஓடும் மோட்டாரில் θ நிற்பதில்லை. ஒரு மில்லிநொடியில் சராசரியாக அரை மில்லிநொடி அளவு கோணத்தை அந்தக் கணக்கு தவறவிடுகிறது, அது 36 மடங்காகப் பெருகுகிறது. மேலே எழுதியபடி ω̂-ஐ முதலில் கணக்கிட்டு, அதையே கடைசி வரியில் பயன்படுத்தினால், சீரான வேகத்தில் அடைப்புக்குள் உள்ளது மாறிலியாக இருப்பதால் இந்தப் பிழை எழுவதில்லை. இரு வாசிப்புகளுக்கு இடையிலான நேரம் நீளமாக இருந்தால், மோட்டாரின் மாதிரியை முதலில் படிநேர வடிவுக்கு மாற்றி, அதன் மீது இதே பிரிப்பைச் செய்ய வேண்டும்.

u என்பது மோட்டாரை உண்மையில் அடையும் மின்னழுத்தமாக இருக்க வேண்டும். மின்வழங்கி 12 வோல்ட்டில் நின்றுவிட, கட்டுப்படுத்தி கேட்ட 20 வோல்ட்டை அப்சர்வருக்குக் கொடுத்தால், அந்த 8 வோல்ட் வேறுபாடு 16 rad/s மிகையான மதிப்பீடாக வெளிவரும்.

ஆறாம் படி: சுமை வரும்போது

இதுவரை மோட்டார் சுமையின்றி ஓடியது. தண்டில் சுமை ஏறினால் உண்மையான சமன்பாடு ω' = −4ω + 80u − d என்றாகிறது; d என்பது சுமையின் முறுக்குவிசையை நிலைமத் திருப்புத்திறனால் வகுத்தது. அப்சர்வருக்கு d தெரியாததால் பிழை e' = −40e − d என்று நகர்ந்து, −d/40-இல் நின்றுவிடும். 5 வோல்ட்டில் 100 rad/s ஓடிய மோட்டார் சுமையால் 80-க்கு இறங்கினால் d = 80; மதிப்பீடு 82 என்று காட்டும். 0.9 × 80 + 2 × 5 என்று கூட்டியும் இதைச் சரிபார்க்கலாம். சுமையற்றபோது சரியாகவும் சுமையோடு எப்போதும் மிகையாகவும் மதிப்பீடு வந்தால், காரணத்தை a, b-யில் தேட வேண்டாம்.

துருவத்தை விரைவாக்கி இந்தப் பிழையைக் குறைக்கலாம். ஆனால் இரைச்சல் அதே அளவில் ஏறும். d-யையே மெதுவாக மாறும் மூன்றாவது நிலையாகச் சேர்த்து, d' = 0 என்று எழுதுவதே மேலான வழி. இப்போது அளந்தது ஒன்று, மதிப்பிட வேண்டியவை இரண்டு. மூன்றாம் படியின் பொது வடிவில் இட்டால் பிழையின் சிறப்புச் சமன்பாடு s² + (4 + l1)s − l2 என்று வரும். இரு துருவங்களையும் −40-இல் வைத்தால் அது s² + 80s + 1600 ஆக வேண்டும்; ஆகவே l1 = 76, l2 = −1600. சுமை வேகத்தைக் குறைப்பதால் l2 எதிர்க்குறியோடு வருகிறது. நேர்க்குறியோடு எழுதிவிட்டால் அப்சர்வர் நிலைகுலைந்து எண்கள் பெருகிக்கொண்டே போகும்.

```c
w_hat = z1 + 76.0f * theta;
d_hat = z2 - 1600.0f * theta;
z1 += 0.001f * (-80.0f * w_hat - d_hat + 80.0f * u);
z2 += 0.001f * (1600.0f * w_hat);
```

தொடக்கத்தில் z1 = −76θ, z2 = 1600θ என்று வைக்க வேண்டும். θ ஒரு சுற்று குறையும்போது z1-உடன் 76 × 2π-யைக் கூட்டி, z2-இலிருந்து 1600 × 2π-யைக் கழிக்க வேண்டும். மேற்கண்ட சுமையில் ω̂ 80-இலும் d̂ 80-இலும் போய் நிற்கும்: 80 × 5 − 4 × 80 = 80. மோட்டாரின் நிலைமத் திருப்புத்திறன் 0.0002 kg·m² என்றால் சுமை 0.016 N·m; உணரி இல்லாமலே முறுக்குவிசை கிடைத்துவிட்டது. ஆனால் ஓர் என்கோடர் எண்ணிக்கைக்கு d̂ 2.5 rad/s² தாவும் என்பதால், அந்த அளவை ஒட்டிய சிறு சுமைகளை இதைக் கொண்டு கண்டறிய இயலாது. a, b-யில் உள்ள பிழையையும், தண்டின் உலர் உராய்வையும் அப்சர்வர் சுமையாகவே எண்ணிக்கொள்ளும். சுமையே இல்லாதபோது d̂ சுழியத்தில் நிற்கவில்லை என்றால், அது வேகத்தோடு எப்படி மாறுகிறது என்று வரைந்து பார்க்க வேண்டும். வேகத்தின் விகிதத்தில் வளர்ந்தால் a அல்லது b தவறு. எந்த வேகத்திலும் ஒரே அளவாக நின்று, சுழலும் திசை மாறும்போது குறி மட்டும் மாறினால் அது உராய்வு.

ஓட்டிப் பார்த்தல்

கட்டுப்படுத்தியோடு இணைப்பதற்கு முன் கணிப்பொறி உருவகத்தில் ω̂-ஐ வேண்டுமென்றே 50 rad/s தவறாகத் தொடங்கிப் பிழையை வரைய வேண்டும். பிழை எதிர்பார்த்த வேகத்தில் சுழியத்துக்கு இறங்க வேண்டும். u-வை மாற்றி மீண்டும் ஓட்டினால் வரைபடம் சிறிதும் மாறக் கூடாது. மாறினால் u-வின் கெழு எங்கோ தவறாக எழுதப்பட்டிருக்கிறது. பிறகு உண்மையான மோட்டாரைச் சீரான மின்னழுத்தத்தில் ஓட்டி, 100 மில்லிநொடிக்குரிய என்கோடர் எண்ணிக்கையின் சராசரி வேகத்தோடு ω̂-ஐ ஒப்பிட வேண்டும். அந்த இடைவெளியில் ஓர் எண்ணிக்கை 0.016 rad/s-க்கே சமம் என்பதால், சீரான ஓட்டத்தில் அது நம்பகமான அளவுகோல். இதன் பின், தண்டைத் துணியால் மெல்ல அழுத்திச் சுமை ஏற்றி, ω̂ சராசரியோடு ஒட்டியே இறங்குகிறதா, d̂ ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே ω̂-ஐக் கட்டுப்படுத்திக்குக் கொடுக்க வேண்டும்.